ஒரே அடிமானம், பல உறுப்புகள்: சிறிய அடுக்கை வெளியே எடுத்துச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழி

முதலில் இந்தச் சமன்பாட்டைப் பாருங்கள்.

2ˣ⁺³ − 2ˣ⁺¹ + 2ˣ⁻¹ = 52

2ˣ = 8 என்று கொடுத்திருந்தால் திணறல் எதுவும் இருக்காது. 8 என்பது 2³, ஆகவே x = 3 என்று சொல்லிவிடலாம். இரண்டு பக்கமும் அடிமானம் ஒன்றாக இருந்தால் அடுக்குகளும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். (கீழே இருக்கும் 2 அடிமானம், தலைமேல் இருக்கும் 3 அடுக்கு. இந்தக் கட்டுரையில் அடிமானம் எப்போதும் 1 அல்லாத ஒரு மிகை எண்.) மேலே உள்ள சமன்பாட்டில் அப்படி நேராகப் போக முடியவில்லை. இடப்பக்கம் மூன்று உறுப்புகள் இருக்கின்றன, வலப்பக்கம் உள்ள 52-ஐ 2-இன் முழு எண் அடுக்காக எழுதவும் முடியாது.

இங்கே உண்மையான தடை நடுவில் நிற்கும் கூட்டல், கழித்தல் குறிகள்தான். பெருக்கலுக்கு ஒரு விதி இருக்கிறது: 2ᵐ × 2ⁿ = 2ᵐ⁺ⁿ. வகுத்தலுக்கும் இருக்கிறது: 2ᵐ ÷ 2ⁿ = 2ᵐ⁻ⁿ. ஆனால் 2ᵐ + 2ⁿ என்பதை ஒரே அடுக்காகச் சுருக்கித் தரும் விதி எதுவும் கிடையாது. இல்லாத விதியை இருப்பதாக நினைத்து 3ˣ⁺² + 3ˣ என்பதை 3²ˣ⁺² என்று எழுதுவதுதான் புதிதாகக் கற்பவர்கள் முதலில் விழும் குழி. x = 0 என்று போட்டுப் பார்த்தால் போதும்: முதலாவது 9 + 1 = 10, இரண்டாவது 9. இரண்டும் வேறு. அடுக்குகளைக் கூட்டலாமா என்று சந்தேகம் வந்தால் இப்படி ஒரு சிறிய எண்ணைப் போட்டுச் சோதித்துவிடுங்கள், பத்து நொடி வேலை.

எனவே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இடப்பக்கக் கூட்டலை எப்படியாவது ஒரு பெருக்கலாக மாற்ற வேண்டும். அதற்கான கருவி காரணிப்படுத்துதல்.

உறுப்புகளுக்குள் என்ன உறவு?

2ˣ⁺³ என்பதை 2ˣ⁻¹ × 2⁴ என்று எழுதலாம், ஏனென்றால் (x − 1) + 4 = x + 3. அதுபோல 2ˣ⁺¹ என்பது 2ˣ⁻¹ × 2². ஆக மூன்று உறுப்புகளும் தனித்தனி ஆட்கள் இல்லை. 2ˣ⁻¹ என்ற ஒரே அளவின் 16 மடங்கு, 4 மடங்கு, 1 மடங்கு, அவ்வளவுதான். கையில் ஐம்பது, இருபது, பத்து ரூபாய் நோட்டு ஒவ்வொன்று இருந்தால் அதை "எட்டுப் பத்து" என்று எண்ணுவோமே, அந்தக் கணக்குத்தான் இது. இருபதில் எண்ண முயன்றால் ஐம்பது என்பது இரண்டரை இருபது என்று அரையும் காலுமாக வரும். மிகச் சிறியதில் எண்ணினால் எல்லாம் முழு எண்ணாக வரும். சிறிய அடுக்கை வெளியே எடு என்று சொல்வதன் காரணம் முழுக்க இதுதான்.

செய்முறை

முதல் வேலை, x உள்ள உறுப்புகளின் அடுக்குகளை மட்டும் வரிசையாக ஓரத்தில் எழுதிக்கொள்வது. நம் சமன்பாட்டில் அவை x + 3, x + 1, x − 1. இவற்றில் சிறியது x − 1. x-இன் மதிப்பு தெரியாமலே எது சிறியது என்று எப்படிச் சொல்கிறோம்? மூன்றிலும் x பொதுவாக இருப்பதால் பின்னால் ஒட்டியிருக்கும் +3, +1, −1 ஆகியவற்றை ஒப்பிட்டால் போதும். குறியோடு ஒப்பிட வேண்டும். −1 என்பது +1-ஐ விடச் சிறியது.

இரண்டாவது வேலை, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் அந்தச் சிறிய அடுக்கைக் கழிப்பது.

(x + 3) − (x − 1) = 4
(x + 1) − (x − 1) = 2
(x − 1) − (x − 1) = 0

x மறைந்துவிட்டது, வெறும் எண்கள் மட்டும் மீந்திருக்கின்றன. இந்த இடத்தில் x மறையவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். அந்தச் சமன்பாடு வேறு வகை, அதைக் கடைசியில் பார்க்கலாம்.

மூன்றாவது, சிறிய அடுக்கு உள்ள உறுப்பை வெளியே வைத்து, மீந்த அடுக்குகளை அடைப்புக்குள் எழுத வேண்டும். குறிகள் அப்படியே உள்ளே போகும்.

2ˣ⁻¹ (2⁴ − 2² + 2⁰) = 52

2ˣ⁻¹ (16 − 4 + 1) = 52

13 × 2ˣ⁻¹ = 52

கடைசி உறுப்பைக் கவனியுங்கள். 2ˣ⁻¹-ஐ வெளியே எடுத்துவிட்டதால் அங்கே ஒன்றும் மீதமில்லை என்று நினைத்து அதை விட்டுவிடுவார்கள், அல்லது 0 என்று போடுவார்கள். மீதம் இருப்பது 2⁰, அதாவது 1. தனக்குள் தன்னை வகுத்தால் 1 வருமே தவிர 0 வராது. இந்தத் தவற்றைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு: வெளியே எத்தனை உறுப்புகள் இருந்தனவோ, அடைப்புக்குள்ளும் அத்தனை உறுப்புகள் இருக்க வேண்டும். மூன்று உறுப்புகள் உள்ளே போய் இரண்டு மட்டும் தெரிந்தால் ஒன்று தொலைந்திருக்கிறது.

நான்காவது, அடைப்பின் மதிப்பால் வகுப்பது.

2ˣ⁻¹ = 52 ÷ 13 = 4 = 2²

x − 1 = 2, ஆகவே x = 3.

இந்தக் கடைசி வரியிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. 2ˣ⁻¹ = 2² என்று வந்தவுடன் அவசரத்தில் x = 2 என்று எழுதிவிடுவது. வெளியே எடுத்தது 2ˣ அல்ல, 2ˣ⁻¹ என்பது நினைவில் இருக்கட்டும்.

ஐந்தாவது, விடையைப் பழைய சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பது. x = 3 என்றால் 2⁶ − 2⁴ + 2² = 64 − 16 + 4 = 52. சரி.

கால்குலேட்டரில் சரிபார்ப்பவர்கள் அடுக்கை அடைப்புக்குள் போட வேண்டும். `2^3+3` என்று தட்டினால் கருவி 2³-ஐக் கண்டுபிடித்து அதோடு 3-ஐக் கூட்டி 11 என்று காட்டும். `2^(3+3)` என்று தட்டினால்தான் 64 வரும். விடை சரியாக இருந்தும் சரிபார்ப்பு ஒத்துவராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சிறியதையே எடுக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. இதே சமன்பாட்டில் 2ˣ-ஐ வெளியே எடுத்துப் பார்க்கலாம்.

2ˣ (8 − 2 + ½) = 52

அடைப்பு 13/2. எனவே 2ˣ = 52 × 2/13 = 8, x = 3. மிகப் பெரிய அடுக்கான 2ˣ⁺³-ஐ எடுத்தாலும் இப்படித்தான்:

2ˣ⁺³ (1 − ¼ + 1/16) = 52

அடைப்பு 13/16, ஆகவே 2ˣ⁺³ = 64 = 2⁶, x = 3.

மூன்று வழியிலும் விடை ஒன்றுதான். எந்த அடுக்கை எடுத்தாலும் கணிதம் தவறாது. பின்னங்களைக் கூட்டும்போது கை தவறும், அதனால்தான் சிறியதை எடுக்கச் சொல்கிறோம். சிறியதை எடுத்தால் மீதமுள்ள அடுக்குகள் எதுவும் 0-க்குக் கீழே போகாது. அடிமானம் முழு எண்ணாக இருக்கும்வரை அடைப்புக்குள் முழு எண்களே இருக்கும். சிலருக்கு 2ˣ-ஐ எடுத்துப் பழக்கமாகிவிடும். பழக்கத்துக்காக அதை மாற்ற வேண்டியதில்லை, ஆனால் அடுக்கில் x − 3, x − 4 என்றெல்லாம் வரும் கணக்கில் அவர்களே சிறியதற்கு மாறிவிடுவார்கள்.

முன்னால் எண் ஒட்டியிருந்தால்

3·2ˣ⁺² − 5·2ˣ + 2ˣ⁻¹ = 60

இதில் 3, 5 என்று கெழுக்கள் இருக்கின்றன. அவற்றைத் தொட வேண்டாம். அடுக்குகளை மட்டும் பாருங்கள்: x + 2, x, x − 1. சிறியது x − 1. கழித்தால் 3, 1, 0.

2ˣ⁻¹ (3·2³ − 5·2¹ + 1) = 60

2ˣ⁻¹ (24 − 10 + 1) = 60

15 × 2ˣ⁻¹ = 60, எனவே 2ˣ⁻¹ = 4, x = 3. போட்டுப் பார்த்தால் 96 − 40 + 4 = 60.

இங்கே செய்யக்கூடாத ஒன்று, 3·2ˣ⁺² என்பதை 6ˣ⁺² ஆக்குவது. அடுக்கு 2-க்கு மட்டும் உரியது, 3-க்கு அதில் பங்கில்லை. 3·2² = 12, 6² = 36. மாறாக 8·2ˣ என்று வந்தால் அதை 2ˣ⁺³ ஆக மாற்றலாம், 8 என்பது 2-இன் அடுக்கு என்பதால். மாற்றாமல் கெழுவாகவே விட்டாலும் விடை வரும், அது உங்கள் வசதி.

x இல்லாத எண் இடப்பக்கத்தில் இருந்தால் அதை முதலில் வலப்பக்கம் அனுப்பிவிடுங்கள். 3ˣ⁺¹ + 3ˣ + 8 = 44 என்றால் 3ˣ⁺¹ + 3ˣ = 36, பிறகு 3ˣ (3 + 1) = 36, 3ˣ = 9, x = 2. அந்த 8-ஐயும் அடைப்புக்குள் இழுத்துப் போடப் பார்ப்பவர்கள் உண்டு. அதில் 3ˣ காரணியாக இல்லை, ஆகவே வராது. அதுபோல x உள்ள உறுப்பு வலப்பக்கத்தில் இருந்தால் இடப்பக்கம் கொண்டுவாருங்கள். 2ˣ⁺⁴ = 2ˣ⁺¹ + 112 என்பது 2ˣ⁺⁴ − 2ˣ⁺¹ = 112 ஆகும். 2ˣ⁺¹ (8 − 1) = 112, 2ˣ⁺¹ = 16, x = 3.

வேடம் போட்ட அடிமானங்கள்

தேர்வுத்தாளில் அடிமானம் ஒன்றாக இருப்பது வெளிப்படையாகத் தெரியாது. 4, 8, 16 எல்லாம் 2-இன் வேடங்கள். 9, 27, 81 எல்லாம் 3. 25-உம் 125-உம் 5. எடுத்துக்காட்டாக,

25ˣ − 5²ˣ⁻¹ = 100

25 = 5² என்பதால் 25ˣ = 5²ˣ. இப்போது அடுக்குகள் 2x, 2x − 1. சிறியது 2x − 1. வித்தியாசம் 1.

5²ˣ⁻¹ (5 − 1) = 100

5²ˣ⁻¹ = 25 = 5²

2x − 1 = 2, x = 3/2. விடை பின்னமாக வந்ததால் தவறோ என்று அஞ்ச வேண்டாம். 25-இன் அடுக்கு 3/2 என்றால் 25-இன் வர்க்கமூலமான 5-ஐ மும்மடி ஆக்குவது, அதாவது 125. கழிக்க வேண்டியது 5² = 25. 125 − 25 = 100, சரியாக இருக்கிறது.

வேடம் கலைக்கும்போது அதிகம் நடக்கும் தவறு அடுக்கின் ஒரு பகுதியை மட்டும் பெருக்குவது. 9ˣ⁺¹ என்பது 3²ˣ⁺² ஆகும், 3²ˣ⁺¹ ஆகாது. 2 என்பது (x + 1) முழுவதையும் பெருக்க வேண்டும். அடுக்கை அடைப்புக்குள் எழுதி 2(x + 1) என்று ஒரு வரி கூடுதலாக எழுதினால் இந்தத் தவறு வராது.

விடை இல்லாமலும் போகலாம்

மேலே செய்த எல்லாக் கணக்கும் கடைசியில் ஒரே உருவத்துக்கு வந்ததைக் கவனித்திருப்பீர்கள்: ஓர் எண் × அடிமானத்தின் அடுக்கு = இன்னோர் எண். 13 × 2ˣ⁻¹ = 52, 15 × 2ˣ⁻¹ = 60, 4 × 5²ˣ⁻¹ = 100. எத்தனை உறுப்புகளோடு தொடங்கினாலும் இந்த வகைச் சமன்பாடு இங்கேதான் வந்து நிற்கும். அதனால் எத்தனை விடை இருக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

2ˣ என்பது x எதுவாக இருந்தாலும் மிகை எண்தான். 0 ஆகாது, குறை எண்ணும் ஆகாது. x-ஐ −10 என்று போட்டால்கூட 1/1024 வருமே ஒழிய 0 வராது. எனவே அடைப்பின் மதிப்பும் வலப்பக்க எண்ணும் ஒரே குறியில் இருந்தால் விடை உண்டு. 2ˣ ஏறிக்கொண்டே போவது என்பதால் ஒரு மதிப்பை ஒருமுறைதான் தொடும், ஆகவே விடையும் ஒன்றே ஒன்றுதான். குறிகள் எதிரெதிராக இருந்தால் விடையே கிடையாது. எடுத்துக்காட்டு:

3ˣ − 3ˣ⁺¹ = 18

3ˣ (1 − 3) = 18

3ˣ = −9

இங்கே பலர் x = −2 என்று எழுதுகிறார்கள். 3⁻² என்பது 1/9, −9 அல்ல. தீர்வு இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போக வேண்டியதுதான். கணக்கைத் தொடங்கும் முன்பே இதை ஊகிக்கவும் முடியும். 3ˣ⁺¹ எப்போதும் 3ˣ-ஐ விடப் பெரியது, சிறியதிலிருந்து பெரியதைக் கழித்தால் 18 எப்படி வரும்?

அபூர்வமாக அடைப்பே 0 ஆகும். 2ˣ⁺¹ − 3·2ˣ + 2ˣ = 5 என்பதில் அடைப்பு 2 − 3 + 1 = 0. அப்போது சமன்பாடு 0 = 5 என்று ஆகிவிடும், தீர்வு இல்லை. வலப்பக்கமும் 0 ஆக இருந்திருந்தால் எந்த x-உம் பொருந்தும். 0-ஆல் வகுக்கப் போவதற்கு முன் அடைப்பின் மதிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வலப்பக்கம் அழகாக வராதபோது

3ˣ⁺¹ + 3ˣ⁻¹ = 50

3ˣ⁻¹ (9 + 1) = 50

3ˣ⁻¹ = 5

5 என்பது 3-இன் முழு எண் அடுக்கு இல்லை. 3¹ = 3, 3² = 9, ஆகவே x − 1 என்பது 1-க்கும் 2-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. இப்போதுதான் மடக்கை தேவைப்படுகிறது.

x − 1 = log 5 ÷ log 3 = 0.69897 ÷ 0.47712 ≈ 1.465

x ≈ 2.465

மடக்கையை எப்போது எடுக்கிறோம் என்பது முக்கியம். இடப்பக்கம் ஒரே உறுப்பாக ஆன பிறகுதான் எடுக்க வேண்டும். கூட்டல் இருக்கும்போதே இரண்டு பக்கமும் log போட்டு, log(3ˣ⁺¹ + 3ˣ⁻¹) என்பதைத் தனித்தனி log-களின் கூட்டலாகப் பிரித்தால் கணக்கு கெட்டுவிடும். மடக்கை பெருக்கலைத்தான் கூட்டலாகப் பிரிக்கும், கூட்டலைப் பிரிக்காது. ஆகவே மடக்கை தெரிந்தவர்களுக்கும் காரணிப்படுத்தும் வேலை மிச்சமாவதில்லை.

அடுக்கில் −x இருந்தால், அடிமானம் பின்னமானால்

2⁵⁻ˣ + 2³⁻ˣ = 10 என்பதில் x-க்கு முன் கழித்தல் குறி. முறை மாறாது. அடுக்குகள் 5 − x, 3 − x. சிறியது 3 − x.

2³⁻ˣ (4 + 1) = 10, 2³⁻ˣ = 2, 3 − x = 1, x = 2.

அடிமானம் ½ போன்ற பின்னமாக இருந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். ½-இன் அடுக்கு கூடக் கூட மதிப்பு குறையும். அங்கே சிறிய அடுக்கை வெளியே எடுத்தால் அடைப்புக்குள் ½, ¼ என்று பின்னங்கள் நிற்கும், நாம் தவிர்க்க நினைத்ததே வந்துவிடும். வழி என்னவென்றால், (½)ˣ என்பதை 2⁻ˣ என்று மாற்றிக்கொண்டு, அப்புறம் வழக்கம்போலச் சிறிய அடுக்கை எடுப்பது.

இது வெறும் பாடக்கணக்கு இல்லை. தைராய்டு சிகிச்சையில் பயன்படும் அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருளின் அரைவாழ்வுக் காலம் சுமார் 8 நாள். அதாவது இன்று 40 அலகு இருந்தால் 8 நாளில் 20, 16 நாளில் 10 என்று பாதி பாதியாகக் குறையும். ஓர் ஆய்வகத்துக்கு 40 அலகு வருகிறது, சரியாக 8 நாள் கழித்து இன்னொரு 40 அலகு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 15 அலகாகக் குறைவது எப்போது?

முதல் சரக்கு வந்ததிலிருந்து கடந்த காலத்தை 8 நாள் கொண்ட கட்டங்களாக எண்ணி, அதை x என்போம். முதல் சரக்கில் மீதி 40·(½)ˣ. இரண்டாவது ஒரு கட்டம் தாமதமாக வந்ததால் அதில் மீதி 40·(½)ˣ⁻¹.

40·(½)ˣ + 40·(½)ˣ⁻¹ = 15

2-க்கு மாற்றினால்,

40·2⁻ˣ + 40·2¹⁻ˣ = 15

அடுக்குகள் −x, 1 − x. சிறியது −x.

2⁻ˣ (40 + 80) = 15

2⁻ˣ = 15 ÷ 120 = 1/8 = 2⁻³

x = 3, அதாவது 24 நாள். சரிபார்க்கலாம்: 24 நாளில் முதல் சரக்கு 40, 20, 10, 5 என்று 5 அலகாகும். இரண்டாவதுக்கு 16 நாள்தான் ஆகியிருக்கிறது, அது 10 அலகு. மொத்தம் 15.

இங்கே ஒரு வரம்பும் இருக்கிறது. 15-க்குப் பதில் 90 என்று கேட்டால் 2⁻ˣ = 90 ÷ 120 = ¾ என்று வரும், x ≈ 0.415 என்று கால்குலேட்டரும் விடை தரும். ஆனால் x = 0.415 என்றால் ஏறக்குறைய 3 நாள், அப்போது இரண்டாவது சரக்கு வந்தே சேரவில்லை. நாம் எழுதிய சமன்பாடு x ≥ 1 என்ற காலத்துக்கு மட்டும்தான் செல்லும். எட்டாம் நாள் புதுச் சரக்கு இறங்கும்போதே கையிருப்பு 20 + 40 = 60-தான், 90 என்ற நிலையே அந்த ஆய்வகத்தில் வராது. சமன்பாட்டுக்குத் தீர்வு இருந்தும் கேள்விக்கு விடை இல்லாத இடம் இது.

இரண்டு குடும்பங்கள் கலந்தால்

3ˣ⁺² + 3ˣ = 5ˣ⁺¹ + 5ˣ

அடிமானங்கள் 3-உம் 5-உம். ஒன்றை மற்றொன்றாக மாற்ற வழியில்லை. ஆனால் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக ஒரே குடும்பம்தான். எனவே இரண்டு பக்கமும் அதனதன் சிறிய அடுக்கை வெளியே எடுக்கலாம்.

3ˣ (9 + 1) = 5ˣ (5 + 1)

10 × 3ˣ = 6 × 5ˣ

3ˣ ஒருபோதும் 0 ஆகாது என்று முன்பு பார்த்தோம், அதனால் தயங்காமல் அதால் வகுக்கலாம்.

(5/3)ˣ = 10/6 = 5/3, ஆகவே x = 1. போட்டுப் பார்த்தால் இடம் 27 + 3 = 30, வலம் 25 + 5 = 30.

வெவ்வேறு அடிமான உறுப்புகள் இரு பக்கமும் சிதறிக் கிடந்தால், 3 உள்ளவற்றை ஒரு பக்கமும் 5 உள்ளவற்றை மறுபக்கமும் சேர்த்த பிறகு இதையே செய்யலாம். x இல்லாத எண் ஒன்று கூட ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் இந்த வழி கைகொடுக்காது.

இந்த வழி எங்கே நிற்கும்

2²ˣ − 2ˣ = 12

அடிமானம் ஒன்றுதான். ஆனால் அடுக்குகளைக் கழித்துப் பாருங்கள்: 2x − x = x. மறைய வேண்டிய x மறையவில்லை. வீம்புக்கு 2ˣ-ஐ வெளியே எடுத்தால் 2ˣ (2ˣ − 1) = 12 என்று வரும், அடைப்புக்குள்ளும் x இருக்கிறது. இங்கிருந்து 2ˣ = 12, 2ˣ − 1 = 12 என்று பிரித்து எழுதுவது பெருந்தவறு. பெருக்கற்பலன் 0 ஆக இருந்தால் மட்டுமே அப்படிப் பிரிக்கலாம்.

இதற்கு 2ˣ = y என்று வைத்துக்கொள்ள வேண்டும். 2²ˣ என்பது y². சமன்பாடு y² − y − 12 = 0, அதாவது (y − 4)(y + 3) = 0. y = 4 அல்லது y = −3. 2ˣ குறை எண் ஆகாது என்பதால் −3-ஐ விட்டுவிட்டு, 2ˣ = 4, x = 2.

2ˣ + 2³⁻ˣ = 9 இன்னும் ஏமாற்றக்கூடியது. அடுக்குகள் x, 3 − x. வித்தியாசம் 2x − 3, இதிலும் x மறையவில்லை. y என்று வைத்தால் y + 8/y = 9, y² − 9y + 8 = 0, y = 1 அல்லது 8. இரண்டுமே மிகை எண்கள், ஆகவே x = 0, x = 3 என்று இரண்டு விடைகள். சிறிய அடுக்கு முறைக்குள் அடங்கும் சமன்பாட்டுக்கு, எல்லா x-உம் பொருந்தும் அந்த அபூர்வ நிலை தவிர, இரண்டு விடை வராது என்பதால், இரண்டு விடை கிடைத்தால் நீங்கள் வேறு வகையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

நீங்களே செய்து பார்க்க மூன்று

(அ) 5ˣ⁺¹ + 5ˣ⁻¹ = 130

(ஆ) 4ˣ⁺¹ + 2²ˣ⁻¹ = 72

(இ) 3ˣ⁺¹ − 4·3ˣ = 9

முதலாவதில் அடைப்பு 26, x = 2. இரண்டாவதில் 4ˣ⁺¹-ஐ முதலில் 2²ˣ⁺² ஆக்குங்கள். அடைப்பு 9 வந்தால் சரியான பாதை, x = 2. அடைப்பு 5 வந்திருந்தால் 2²ˣ⁺¹ என்று மாற்றியிருக்கிறீர்கள். மூன்றாவதில் அடைப்பு −1, வலப்பக்கம் +9, ஆகவே தீர்வு இல்லை.